"தெரிந்த கஸ்டமர்" – ஒரு நகைக்கடன் கம்பெனித் தணிக்கையில் நான் கற்றது



சென்ற விடுமுறையில் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். டீ வாங்கி வருவதும் ஃபைல் அடுக்குவதும்தான் வேலை என்று நினைத்துப் போனவளை, இரண்டாவது வாரமே ஒரு சிறிய நகைக்கடன் கம்பெனியின் தணிக்கைக்குக் கூட்டிப் போனார்கள். கணக்கு சரியா என்று பார்க்கும் தணிக்கை அல்ல அது. "கடன் வாங்குபவர் யார் என்று கம்பெனிக்கு நிஜமாகவே தெரியுமா? கறுப்புப் பணம் இந்த வழியாக வெளுக்கப்படுகிறதா? சந்தேக மணி அடித்தபோது யாராவது எழுந்து பார்த்தார்களா?" என்று பார்க்கும் தணிக்கை. அங்கே பார்த்ததை நம் மலருக்காக எழுதுகிறேன். கம்பெனி எது என்று தெரியக் கூடாது என்பதற்காக எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்த விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடகுக் கடையில் பணம் எப்படி வெளுக்கும்?

எனக்கு முதலில் இதுதான் புரியவில்லை. நகையை வைத்துக் கடன் வாங்குகிறவர்கள் பணமில்லாதவர்கள் ஆயிற்றே, அவர்களிடம் ஏது கறுப்புப் பணம் என்று சீனியர் சாரிடம் கேட்டேன். அவர் ஒரு பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டினார்.

ஒருவரிடம் கணக்குக் காட்ட முடியாத ரொக்கம் இருக்கிறது. அதை நேரே பாங்கில் கட்டினால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அதனால் அவர் ஒரு நகையை அடகு வைக்கிறார். ₹20,000-ஓ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். எனவே கம்பெனி கடன் தொகையைப் பாங்க் கணக்கில் போடுகிறது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர் தன்னிடம் இருக்கும் ரொக்கத்தைக் கட்டி நகையைத் திருப்புகிறார். இப்போது ரொக்கம் கம்பெனியின் கல்லாவில். அவருடைய பாங்க் கணக்கிலோ "நகைக்கடன்" என்ற நல்ல பெயரோடு அதே அளவு பணம். கையில் நகையும் வந்துவிட்டது. மறுபடி அதே நகையை வைக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு சில நாள் வட்டி மட்டும்.

இதைத் தடுக்கத்தான் 2002-ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டம். 2005 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பாங்க் மட்டுமல்ல, சிறிய ஃபைனான்ஸ் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட்டது. கம்பெனி மூன்று வேலை செய்ய வேண்டும். முதலாவது, கஸ்டமர் யார் என்று ஆவணத்தோடு உறுதி செய்வது. இதைத்தான் கே.ஒய்.சி. என்கிறோம். இரண்டாவது, வழக்கத்துக்கு மாறான வரவு செலவைக் கவனிப்பது. மூன்றாவது, ஆராய்ந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் டில்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு உடனே அறிக்கை அனுப்புவது. அந்த அறிக்கைக்கு எஸ்.டி.ஆர். என்று பெயர். இதற்குப் பொறுப்பாகக் கம்பெனியில் முதன்மை அதிகாரி என்று ஒருவரை நியமித்திருக்க வேண்டும்.

312 மணிகள்

நாங்கள் போன கம்பெனிக்கு ஆறு கிளைகள், சுமார் 4,200 கஸ்டமர்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரில் சில விதிகள் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் ஒரு கஸ்டமரின் ரொக்கம் ₹10 லட்சத்தைத் தாண்டினால் திரையில் எச்சரிக்கை வரும். அடகு வைத்து 15 நாளுக்குள் ரொக்கமாகத் திருப்பினால் எச்சரிக்கை வரும். இதை அவர்கள் 'அலர்ட்' என்பார்கள். நான் மணி என்றே வைத்துக் கொள்கிறேன்.

அந்த வருஷத்தில் 312 மணிகள் அடித்திருந்தன. 312-ம் "முடிக்கப்பட்டது" என்று இருந்தது. நிலுவை ஒன்றுகூட இல்லை. எஸ்.டி.ஆர். எத்தனை என்று பார்த்தால் பூஜ்யம். அடடா, எவ்வளவு சுத்தமான கம்பெனி என்று நான் நினைத்தேன். சீனியர் சார் சிரித்துவிட்டு, "ஏம்மா, நிலுவை இல்லைங்கறது நல்ல செய்தி இல்லை, அது வெறும் செய்தி. முடிச்சது எப்படின்னு பார்" என்றார்.

பட்டியலை எக்ஸெலில் எடுத்துக் கொண்டோம். ஒவ்வொரு மணிக்கும் நான்கு விஷயம் இருந்தது: அடித்த தேதி, முடித்த தேதியும் நேரமும், முடித்தவரின் லாகின், முடித்ததற்கான காரணம். காரணம் இருந்த பத்தியை வரிசைப்படுத்தினேன். 287 இடத்தில் ஒரே வாக்கியம்: "தெரிந்த கஸ்டமர்". மீதி 25-ல் "ஓகே".

அடுத்து நேரத்தை வரிசைப்படுத்தச் சொன்னார். மார்ச் 31 மாலை 6.10-லிருந்து 6.50-க்குள் 140 மணிகள் முடிக்கப்பட்டிருந்தன. 40 நிமிஷம் என்றால் 2,400 விநாடி. ஒரு மணிக்கு 17 விநாடி. கஸ்டமர் ஃபைலைத் திறக்கவே அதற்கு மேல் ஆகும். அந்த 140-ல் பல மணிகள் மே, ஜூன் மாதங்களில் அடித்தவை. அதாவது ஒன்பது பத்து மாதம் யாரும் தொடாமல் கிடந்து, வருஷக் கடைசியில் மொத்தமாகத் துடைக்கப்பட்டவை.

லாகின் முதன்மை அதிகாரியுடையது. ஆனால் அன்று மாலை அவர் தலைமை அலுவலகத்தில் இல்லை, கோவையில் ஒரு மீட்டிங்கில் இருந்தார் என்று அவரே சொன்னார். அவருடைய பாஸ்வேர்டு இரண்டு கிளை மேனேஜர்களுக்குத் தெரியும். அதாவது, கடன் அதிகம் கொடுத்தால் பாராட்டுப் பெறும் ஆளே, அந்தக் கடன் மேல் அடித்த மணியையும் நிறுத்தியிருக்கிறார். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்தின மாதிரி.

அடிக்காத மணி

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சீனியர் சார், "அடிச்ச மணியை மட்டும் பார்த்தா பாதித் தணிக்கைதான். அடிக்க வேண்டியது அடிக்காம இருந்திருந்தா?" என்றார்.

கம்ப்யூட்டர் கஸ்டமர் எண்ணை வைத்துத்தான் கூட்டுகிறது. ஒரே ஆள் மூன்று எண்ணில் இருந்தால் அதற்கு மூன்று ஆள். ஆளுக்கு ₹4 லட்சம் என்று மூன்றாகப் பிரிந்தால் ₹10 லட்சத்து மணி எப்போதும் அடிக்காது. அதனால்தான் ஒரு ஆளுக்கு ஒரே எண் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. மணி நன்றாக இருந்தும் கஸ்டமர் ஃபைல் கெட்டிருந்தால் பயனில்லை. இந்தத் தணிக்கையில் நான் கற்ற முக்கியமான விஷயம் இதுதான்.

எனவே 4,200 பேரின் பட்டியலில், டி பத்தியில் இருந்த போன் எண்ணை எடுத்து, ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். சூத்திரம் நாம் லேபில் படித்ததுதான்:

```
=COUNTIF($D$2:$D$4201,D2)
```

முதல் முறை வந்த பதில் குப்பை. போன் இல்லாத 37 பேருக்கு யாரோ 9999999999 என்று அடித்து வைத்திருந்தார்கள். சில எண்களுக்கு முன்னால் பூஜ்யம், சிலவற்றுக்கு +91. எல்லாவற்றையும் சுத்தம் செய்து மறுபடி எண்ணினால், மூன்று பேருக்கு மேல் பகிர்ந்து கொண்ட எண்கள் 61. உடனே 61 திருட்டு என்று குதிக்கக் கூடாது. நம் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பது சாதாரணம். மகன் நம்பரை அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் கொடுப்பார்கள். முகவரியோடு ஒப்பிட்டதில் 60 எண்கள் குடும்பம் என்று தெரிந்தது. ஒன்று மட்டும் நின்றது.

ஒன்பது எண், எட்டுப் பெண்கள், ஒரு ஆரம்

அந்த ஒரே போன் எண் ஒன்பது கஸ்டமர்களுக்கு இருந்தது. ஒன்பதும் பெண்கள் பெயர், ஒரே பகுதியின் வெவ்வேறு வீடுகள். அந்த ஒன்பது ஃபைலையும் கிளையிலிருந்து வரவழைத்தோம்.

ஃபைலில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். போட்டோ இருக்கிறதா? அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணம், அதாவது ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஏற்கத்தக்க ஒன்று இருக்கிறதா? பான் அல்லது அது இல்லாதவருக்குப் படிவம் 60 இருக்கிறதா? "ஒரிஜினல் பார்த்தேன்" என்று ஊழியர் கையெழுத்து, தேதியோடு இருக்கிறதா? நகலில் ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்டிருக்கிறதா?

இரண்டு ஃபைலில் ரேஷன் கார்டு நகல் மட்டும் இருந்தது. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ரேஷன் கார்டைத்தான் நீட்டுவோம், ஆனால் கே.ஒய்.சி.-க்கு அது செல்லுபடியாகும் ஆவணம் அல்ல. மூன்று ஃபைலில் "ஒரிஜினல் பார்த்தேன்" என்ற தேதி, கடன் கொடுத்து நான்கு நாள் கழித்து. அதாவது பணம் போன பிறகு ஃபைலை நிரப்பியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு ஃபைலில் ஒரே முகம். ஒன்றில் இனிஷியல் முன்னால், வாக்காளர் அட்டை. மற்றதில் இனிஷியல் பின்னால், ஆதார். பிறந்த தேதியில் வருஷம் மட்டும் வேறு. ஆக ஒன்பது எண், எட்டுப் பெண்கள்.

பிறகு ஜூன் மாத அடகுச் சீட்டுகளை அடுக்கினோம். இந்த ஒன்பது எண்ணிலும் சேர்த்து 14 அடகு. எதுவும் ₹2 லட்சத்தைத் தொடவில்லை. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. 14-ம் அந்த எல்லைக்குள்ளேயே நின்றன. எல்லாம் 12 முதல் 20 நாளுக்குள் ரொக்கமாகத் திருப்பப்பட்டன. மொத்த ரொக்கம் ₹17,40,000. ஆனால் ஒரு எண்ணுக்கு அதிகபட்சம் ₹3,10,000-தான். பத்து லட்சத்து மணி அதனால்தான் தூங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் எட்டு ஏழைப் பெண்கள், கூட்டிப் பார்த்தால் பதினேழு லட்சம்.

இந்த எல்லைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்றோடொன்று தொடர்புடைய ரொக்க வரவு செலவுகள் தனித்தனியாகச் சிறியவையாக இருந்தாலும், ஒரு மாதத்தில் கூட்டுத்தொகை ₹10 லட்சத்தைத் தாண்டினால், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ரொக்க அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த 14-ம் தொடர்புடையவையா என்ற கேள்வியையே கம்பெனியில் யாரும் கேட்கவில்லை.

தொடர்பைக் காட்டியது எது தெரியுமா? அப்ரைசர் எழுதிய குறிப்பு. "கல் வைத்த ஆரம் 1, எடை 32.400 கிராம்" என்று மூன்று வெவ்வேறு பெண்களின் சீட்டில், ஒரே மாதத்தில், முந்தையது திருப்பப்பட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வந்திருந்தது. பணம் கட்டிய ரசீதுகளில் 11-ல் கட்டியவர் கையெழுத்து ஒன்று போலவே இருந்தது. அது எந்தப் பெண்ணின் விண்ணப்பக் கையெழுத்தோடும் ஒத்துப் போகவில்லை.

14-ல் ஆறு அடகு 15 நாளுக்குள் திருப்பப்பட்டதால் அந்த மணி ஆறு முறை அடித்திருந்தது. ஆறுக்கும் காரணம்: "தெரிந்த கஸ்டமர்". கிளை மேனேஜர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெண்களை நிஜமாகவே தெரியும், வணக்கம் சொல்வார்கள். ஆனால் மணி கேட்ட கேள்வி "இவரைத் தெரியுமா?" என்பது அல்ல. "இந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது?" என்பது. கேட்ட கேள்வி ஒன்று, எழுதிய பதில் வேறு.

சந்தைக்கார அக்கா

இதைப் படித்துவிட்டு, சீக்கிரம் நகை திருப்புகிறவர்கள் எல்லாம் தப்பானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பட்டியலில் ஒரு காய்கறி வியாபாரி அக்காவுக்கு 11 மணிகள் அடித்திருந்தன. செவ்வாய்க்கிழமை செயினை வைப்பார், சரக்கு எடுப்பார், அடுத்த வாரம் விற்ற காசைக் கட்டித் திருப்புவார். தொகை எப்போதும் ₹30,000-லிருந்து ₹40,000. ரொக்கம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒளிவு மறைவே இல்லை. அவருக்கும் "தெரிந்த கஸ்டமர்" என்றுதான் எழுதியிருந்தார்கள். கஷ்டம் என்னவென்றால், குற்றமில்லாதவருக்கும் சந்தேகத்துக்குரியவருக்கும் ஒரே வார்த்தை எழுதினால், பிறகு வருபவருக்கு இரண்டையும் பிரிக்க வழியில்லை.

அந்த அக்காவின் மணியை எப்படி முடித்திருக்க வேண்டும் என்று சீனியர் சார் எழுதிக் காட்டினார்: "சந்தையில் கடை உண்டு, நேரில் பார்த்தேன். மண்டி பில் மூன்று பார்த்து நகல் இணைத்தேன். வாரா வாரம் இதே அளவுதான். பணம் கட்டியவர் அவரே. தொழிலுக்கும் தொகைக்கும் பொருந்துகிறது. சந்தேகமில்லை." கீழே பெயர், தேதி. ஐந்தாறு வரி. இதை முதல் மணியில் எழுதி வைத்தால் மற்ற பத்து மணிகளுக்கும் இதைப் பார்த்து, மாற்றம் ஏதும் உண்டா என்று மட்டும் சரிபார்த்தால் போதும்.

தணிக்கையாளர் போலீஸ் அல்ல

அந்தப் போன் எண்காரர் யார், அந்த ரொக்கம் எது என்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அது எங்கள் வேலையும் அல்ல. பெண்களின் பாங்க் கணக்குக்குப் போன பணம் பிறகு எங்கே போனது என்பதைக் கம்பெனியாலும் பார்க்க முடியாது. அவர் அந்தப் பெண்களில் ஒருவருடைய உறவினராக இருக்கலாம், நேர்மையான வியாபாரியாகவும் இருக்கலாம். தணிக்கை சொல்வது இவ்வளவுதான்: இங்கே விளக்கம் தேவைப்படும் ஒன்று இருக்கிறது, விளக்கம் யாரும் கேட்கவில்லை.

அறிக்கை கம்பெனியின் தணிக்கைக் குழுவுக்குப் போனது. முதன்மை அதிகாரி அந்த 14 அடகையும் மறுபடி ஆராய்ந்து, எஸ்.டி.ஆர். அனுப்புவதா இல்லையா என்று காரணத்தோடு முடிவெழுத வேண்டும். 17 விநாடியில் முடிந்த 140-ஐயும் திறந்து பார்க்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், கிளைக்காரர் தகவல் மட்டும் தரலாம், மணியை முடிக்கக் கூடாது. புதுக் கஸ்டமர் சேர்க்கும்போது போன், பிறந்த தேதி, ஆவண எண் ஏற்கெனவே வேறு எண்ணில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே தேட வேண்டும். எஸ்.டி.ஆர். போகிறது என்ற விஷயம் மட்டும் கஸ்டமர் காதுக்குப் போகவே கூடாது. அந்த ரகசியம் சட்டம்.

எங்கள் வீட்டில்

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான். எனக்குச் சேர்க்கைப் பணம் கட்ட அம்மாவின் செயின்தான் அடகுக்குப் போனது. அதனால் அடகுச் சீட்டு எனக்குப் புதிதல்ல. பயிற்சி முடிந்து வந்ததும், கம்பெனி விஷயம் எதுவும் சொல்லாமல், பொதுவாக அம்மாவிடம் கேட்டேன்: "வேற யாருக்காவது உம் பேர்ல நகை வெச்சுக் குடுத்திருக்கியாம்மா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊரிலேயே வேறொரு கடையில், தெரிந்த ஒருவருக்காக மூன்று முறை வைத்துக் கொடுத்திருக்கிறார். நகை அவருடையது, ஆதாரும் கையெழுத்தும் பாங்க் கணக்கும் அம்மாவுடையது. பணம் வந்ததும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பஸ் செலவுக்கு இருநூறு ரூபாய் கிடைத்ததாம்.

"அப்படிச் செய்யலாமாம்மா?" என்றேன்.

"அதுல என்ன கண்ணு, தெரிஞ்சவங்கதானே" என்றார்.

அந்த 287 வரிகளும் என் கண் முன்னே வந்து நின்றன. நாளைக்கு அந்தப் பணம் பற்றி யாராவது கேட்டால் பேப்பரில் இருப்பது அம்மா பெயர்தான். தெரிந்தவர் பெயர் எங்கேயும் இல்லை. இதை அம்மாவுக்கு உட்கார்ந்து வட்டம் போட்டுக் காட்டினேன், சீனியர் சார் எனக்குக் காட்டின மாதிரியே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பீரோவில் இருந்த ஆதார் நகல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஐந்து எடுத்து வைத்ததில் மூன்றுதான் இருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.